எண்ணிக்கை பொருந்துவது சான்றாகாது

யூடியூப் பின்னூட்டங்களைத் தரவாகக் கொண்ட மொழியியல் ஆய்வுகள் இன்று பெருகிவருகின்றன. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்படும் மொழிக்கலப்பை ஆராய்வோருக்கு அதைவிட வளமான களம் கிடைப்பது அரிது. இவ்வகை ஆய்வேடுகள் பலவற்றில் தரவு சேகரிப்பு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: இன்ன காணொலிகளிலிருந்து ஏபிஐ வழியாக இத்தனை பின்னூட்டங்கள் திரட்டப்பட்டன. அந்த எண் முழுமையானதா, அதில் இருமுறை எண்ணப்பட்டவை எத்தனை என்று வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்பதில்லை. கேட்டால், திரையில் காட்டப்பட்ட மொத்தத்தோடு எண் பொருந்துகிறது என்பதே விடையாக வரும். அந்த விடை போதாது.

ஏபிஐ எதுவும் எல்லாப் பின்னூட்டங்களையும் ஒரே வீச்சில் தருவதில்லை. பக்கம் பக்கமாகவே தருகிறது. ஒரு பக்கத்தை வாங்கி அடுத்ததைக் கேட்பதற்குள் பட்டியல் மாறிவிடக்கூடும் என்பதே சிக்கலின் வேர். பக்க எண்ணைச் சொல்லிக் கேட்கும் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதியவை முதலில் வருமாறு 250 பின்னூட்டங்கள் உள்ளன, பக்கத்துக்கு 100. முதல் பக்கத்தில் 1 முதல் 100 வரை வந்துவிடுகின்றன. அதற்குள் நான்கு பேர் புதிதாக எழுதிவிடுகிறார்கள். பட்டியல் நான்கு இடம் கீழே நகர்கிறது. இரண்டாம் பக்கமாக வருபவை பழைய வரிசையில் 97 முதல் 196 வரை உள்ளவை. அதாவது 97 முதல் 100 வரை உள்ள நான்கும் இரண்டாம் முறையாக வருகின்றன.

இனி, மூன்றாம் பக்கத்தைக் கேட்குமுன் மேற்பகுதியில் இருந்த பழைய விளம்பரப் பின்னூட்டங்கள் நான்கு நீக்கப்படுகின்றன என்று கொள்வோம். பட்டியல் நான்கு இடம் மேலேறுகிறது. மூன்றாம் பக்கத்தில் 201 முதல் 250 வரை வருகின்றன. 197 முதல் 200 வரை உள்ளவை எந்தப் பக்கத்திலும் வரவில்லை. கையில் உள்ள வரிகள் 100, 100, 50, கூட்டினால் 250. சேவை காட்டும் மொத்தமும் 250. கணக்கு நேராகிவிட்டது, தரவோ தவறாகவே நிற்கிறது.

இரட்டிப்பு கண்ணுக்குத் தெரியும், விடுபடல் தெரியாது. இருமுறை வந்தது தன் அடையாளத்தை விட்டுச்செல்கிறது. வராதது எதையும் விட்டுச்செல்வதில்லை. ஆகவே இரட்டிப்புகள் தென்பட்டால் அவற்றை நீக்கியதோடு நிற்கக் கூடாது. நடை நடந்துகொண்டிருந்தபோதே பட்டியல் நகர்ந்தது என்பதற்கு அவை சாட்சி. பட்டியல் ஒருபுறம் நகர்ந்திருந்தால் மறுபுறமும் நகர்ந்திருக்கலாம்.

யூடியூபின் ஏபிஐ பக்க எண்ணைக் கேட்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தோடும் `nextPageToken` என்ற டோக்கனைத் தருகிறது. அடுத்த பக்கத்துக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஆயினும் பட்டியலை உறையவைக்கும் வாக்குறுதி இதில் இல்லை. இங்கே இரண்டு விதிகள் போதும். முதலாவது, `order` என்பதில் `relevance` அல்லாமல் `time` என்றே கேட்க வேண்டும். முந்தையதில் வரிசைக்கு நிலையான அடிப்படை இல்லை. இரண்டாவது, டோக்கன் வராதபோதுதான் நிறுத்த வேண்டும். `maxResults=100` என்பது உச்சவரம்பு மட்டுமே. நூறுக்குக் குறைவாக ஒரு பக்கம் வந்ததாலேயே அது கடைசிப் பக்கம் என்று கொள்வது பிழை.

```python
seen, token = {}, None
while True:
    page = fetch(video_id, token)
    for item in page["items"]:
        seen[item["id"]] = item
    token = page.get("nextPageToken")
    if not token:
        break
```

இந்நிரலில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பின்னூட்டமும் அதன் `id` என்ற அடையாளக் குறியின் கீழ் வைக்கப்படுகிறது என்பது. இரட்டிப்பை நீக்குவதற்காகப் பின்னூட்டத்தின் வாசகத்தையே ஒப்பிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மொழியியலாளருக்கு இது பெருந்தீங்கு. "செம", "சூப்பர் ப்ரோ", "தலைவா வேற லெவல்" என்று நாற்பது பேர் எழுதியிருந்தால் அவை நாற்பது பேரின் நாற்பது கூற்றுகள். வாசகத்தைக் கொண்டு நீக்கினால் அவை ஒன்றாகிவிடும். வாய்பாட்டுத் தொடர்களின் பயன்பாட்டு மிகுதியை அளக்க வந்த ஆய்வு, அந்த மிகுதியையே துடைத்துவிட்டு அளக்கும்.

இதனினும் பெரிய விடுபடல் மறுமொழிகளில் நிகழ்கிறது. `commentThreads.list` என்ற அழைப்பு முதல்நிலைப் பின்னூட்டங்களைத் தருகிறது. `part` என்பதில் `replies` சேர்த்துக் கேட்டாலும் ஒவ்வொன்றின் கீழும் மறுமொழிகளில் சிலவே வரலாம். `totalReplyCount` 37 என்று சொல்லும். உள்ளே ஐந்துதான் இருக்கும். எஞ்சியவற்றுக்கு `comments.list` அழைப்பில் `parentId` கொடுத்துத் தனியே கேட்க வேண்டும். அங்கும் பக்கங்கள் உண்டு, டோக்கன் உண்டு. ஒவ்வோர் இழையிலும் கையில் உள்ள மறுமொழிகளை `totalReplyCount` உடன் ஒப்பிட்டால் எங்கே குறைகிறது என்பது உடனே புலப்படும். இவ்விடுபடல் ஒருசார்பானது என்பதுதான் கவலைக்குரியது. விளிகள், மரியாதைப் பன்மை, வசை, மறுப்பு ஆகிய உரையாடற் கூறுகள் செறிந்திருப்பது மறுமொழிகளில்தான். அவை இல்லாத தரவகம் பேச்சுக்குப் பதில் முழக்கங்களை மட்டுமே வைத்திருக்கும். செலவையும் காரணம் காட்ட இயலாது: இவ்விரு அழைப்புகளும் ஒவ்வொன்றும் ஓர் அலகே, இயல்பான நாளொதுக்கீடு 10,000 அலகுகள்.

முழுமையைச் சோதிக்க எளிய வழி, இன்னொரு முறை நடப்பது. முதல் நடை தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதையே எல்லைக்கோடாகக் கொள்ள வேண்டும். இரண்டாம் நடையும் முடிந்தபின் இரு நடைகளின் அடையாளக் குறிகளை ஒப்பிட வேண்டும். இரண்டாவதில் மட்டும் இருப்பவற்றின் `publishedAt` எல்லைக்கோட்டுக்குப் பிந்தியதாயின் அவை புதியவை, தரவில் சேரா. முந்தியதாயின் முதல் நடை அவற்றைத் தவறவிட்டிருக்கக்கூடும். அவற்றைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் ஒரு நடை நடக்க வேண்டும். முதலாவதில் மட்டும் இருப்பவற்றை `comments.list` அழைப்பில் `id` கொடுத்துத் தனித்தனியே கேட்கலாம்: கிடைத்தால் இரண்டாம் நடை தவறவிட்டது, கிடைக்காவிட்டால் இடையில் நீக்கப்பட்டிருக்கலாம். எல்லைக்கோட்டுக்கு முந்திய புதிய குறி எதுவும் ஒரு நடையில் தோன்றாதபோது நிறுத்தலாம். காணொலி உரிமையாளர் ஒப்புதலுக்காக நிறுத்திவைத்த பின்னூட்டங்கள் எத்தனை முறை நடந்தாலும் வெளியாருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே எட்டக்கூடிய முழுமை, பொதுவில் தெரிபவற்றின் முழுமை மட்டுமே.

ஆய்வேட்டின் தரவு இயலில் இதற்கு நான்கு வரிகள் போதும்: நடைகள் தொடங்கி முடிந்த நேரம், கேட்ட வரிசைமுறை, மறுமொழிகள் தனியே பெறப்பட்டனவா என்பது, நடைகளுக்கிடையே கண்ட வேறுபாடு எத்தனை என்பது. சேர்த்து, விட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லாத எண்ணை நெறியாளர்கள் ஏற்றுக்கொள்ளாதிருப்பதே முறை. "ஆங்கிலச் சொற்கள் நூற்றுக்கு இத்தனை" என்ற முடிவு நிற்பது அந்த எண்ணின் மேல்தான். வகுக்கும் எண் ஐயத்துக்குரியதாயின் விழுக்காட்டைத் தசமப் புள்ளிவரை துல்லியமாகச் சொல்வதில் பொருளில்லை.