மின்னஞ்சலின் அடியில் நாம் ஏன் நோட்டீஸ் ஒட்டுகிறோம்?

எமது ஊர்களில் ஒரு திறப்பு விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பெயர்களை விடப் பட்டங்களும் பதவிகளும்தான் அதிக இடத்தைப் பிடித்திருக்கும். அது அழைப்பிதழ், அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் அதே பழக்கத்தை நாம் மின்னஞ்சலுக்கும் கொண்டு வந்துவிட்டோம். மூன்று வரியில் ஒரு கேள்வி கேட்கிறோம், அதற்குக் கீழே பதினைந்து வரியில் நாம் யார் என்று எழுதுகிறோம். இதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இந்தப் பதிவின் நோக்கம்.

மின்னஞ்சலின் முடிவில் பெயர், பதவி, தொடர்பு இலக்கம் என்று வருகிற அந்தப் பகுதியைத்தான் கையொப்பப் பகுதி என்கிறோம். அதை வாசிப்பவருக்கு மூன்று கேள்விகள் மாத்திரமே இருக்கின்றன. எழுதியவர் யார்? எந்தப் பொறுப்பில் இருந்து எழுதுகிறார்? அவரை எப்படிப் பிடிப்பது? இந்த மூன்றுக்கும் விடை தராத எந்த வரியும் விடை தருகிற வரியை மறைக்கும் வரிதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரான ஆசிரியை ஒருவர், போட்டோகொப்பி இயந்திரம் ஒன்றுக்கு விலைமனு கேட்டு கொழும்பிலுள்ள ஒரு கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். எமது வழக்கப்படி அதன் அடிப்பகுதி இப்படி இருக்கும்:

எம்.எஸ்.எப். இன்னார்
கலைமாணி, பட்டப்பின் கல்வி டிப்ளோமா, கல்வி முதுமாணி
அகில இலங்கை சமாதான நீதவான்
இலங்கை ஆசிரியர் சேவை, தரம் 1
சிரேஷ்ட ஆசிரியை
செயலாளர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம்
உப தலைவி, மாதர் அபிவிருத்திச் சங்கம்
முன்னாள் பொருளாளர், பழைய மாணவர் சங்கம்
வீட்டு முகவரி
தேசிய அடையாள அட்டை இலக்கம்
வீட்டுத் தொலைபேசி, கைத்தொலைபேசி, கணவரின் கைத்தொலைபேசி
பேஸ்புக் முகவரி
பாடசாலைச் சின்னம், சங்கச் சின்னம், ஒரு பொன்மொழி

இனி அந்தக் கம்பனியில் இருக்கும் எழுதுவினைஞரின் இடத்தில் இருந்து பார்ப்போம். விலைமனுவை யார் பெயருக்கு எழுதுவது? மூன்று சங்கங்கள் இருக்கின்றன. எந்த இலக்கத்துக்கு அழைப்பது? மூன்று இருக்கின்றன. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதும் பட்டியலுக்குள் தேடினால்தான் தெரிகிறது. அவர் முதலாவது இலக்கத்துக்கு அழைப்பார். அது வீட்டுத் தொலைபேசி. பாடசாலை நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். "கம்பனிக்காரர் பதிலே போடவில்லை" என்று நாம் இங்கே குறைபட்டுக்கொண்டிருப்போம்.

இதே ஆசிரியையின் கையொப்பம் இவ்வளவு இருந்தால் போதும்:

எம்.எஸ்.எப். இன்னார் (திருமதி)
செயலாளர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம்
இன்ன ஊர் முஸ்லிம் மகா வித்தியாலயம், அம்பாறை மாவட்டம்
+94 77 000 0000 (வாட்ஸ்அப் உண்டு, பி.ப. 2.00 இன் பின் அழைக்கவும்)

நான்கே வரிகள். இந்த நான்கு என்ற கணக்கு புதிதாக வந்ததும் அல்ல. இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி 1995இல் வெளியான RFC 1855 என்ற ஆவணமே, கையொப்பத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், நான்கு வரிக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொன்னது.

இந்த நான்கு வரிகளில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சுருக்குவது என்றால் வெட்டுவது மாத்திரம் அல்ல. "திருமதி" என்ற சொல் பழைய பட்டியலில் இருக்கவில்லை. எமது பெயர்களுக்கு முன்னால் நிற்கும் மூன்று நான்கு முதலெழுத்துக்களைப் பார்த்து, வேறு மொழி பேசும் ஒருவரால் இவரை எப்படி அழைப்பது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு சொல் அவரைத் தடுமாற்றத்திலிருந்து காப்பாற்றுகிறது. மாவட்டத்தின் பெயரும் அப்படித்தான். ஒரே பெயரில் நாடெங்கும் எத்தனை முஸ்லிம் பாடசாலைகள் இருக்கின்றன என்பது எமக்குத் தெரியும். கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது.

தொலைபேசி இலக்கத்தை +94 என்று தொடங்கி, முதலில் வரும் பூச்சியத்தை விட்டு எழுதினால் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள கைத்தொலைபேசிகளில் அது வேலை செய்யும். கட்டாரில் இருக்கும் பழைய மாணவர் அந்த இலக்கத்தைத் தொட்டவுடனேயே அழைப்புப் போகும். எந்த நேரத்தில் அழைக்கலாம் என்ற குறிப்பு இன்னும் முக்கியமானது. 7.30 முதல் 1.30 வரை வகுப்பில் நிற்கும் ஒருவர் அலுவலக நேரத்தில் தொலைபேசியை எடுக்க மாட்டார் என்பதை எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் எப்படி அறிவார்?

"அப்படியென்றால் படித்துப் பெற்ற பட்டத்தைப் போடக்கூடாதா? சமாதான நீதவான் என்பது அரசாங்கம் தந்த பதவியல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எமது பதில் இது: கையொப்பம் ஆளுக்கு உரியதல்ல, கடிதத்துக்கு உரியது. ஒரு பிரதியை உறுதிப்படுத்தி அனுப்பும்போது சமாதான நீதவான் என்ற பதவி கட்டாயம் இருக்க வேண்டும், அங்கே அதுதான் அந்தக் கடிதத்தின் உயிர். பதவி உயர்வு பற்றியோ இடமாற்றம் பற்றியோ வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதும்போது ஆசிரியர் சேவையின் தரம் வேண்டும், பாடசாலையின் தொகைமதிப்பு இலக்கமும் இருந்தால் கோவையைத் தேடுபவருக்கு வேலை இலகுவாகும். ஆனால் போட்டோகொப்பி இயந்திரத்தின் விலையைச் சொல்ல இருப்பவருக்கு இவை எதுவும் தேவையில்லை. அதே பட்டம் ஓரிடத்தில் விடை, இன்னோரிடத்தில் தடை.

இதற்கு மாறாக, அவசியமாக இருக்க வேண்டிய ஒன்றை நாம் கூச்சப்பட்டு விட்டுவிடுவதும் உண்டு. பதில் அதிபராக இருப்பவர் "அதிபர்" என்று மாத்திரம் போடுவார். கடிதத்தைப் பெறுபவருக்கு அந்த "பதில்" என்ற சொல் தேவை. யாருடைய அதிகாரத்தில் அந்தக் கடிதம் வந்தது என்பதை அதுதான் சொல்கிறது.

ஒரே ஆள் பல பொறுப்புகளில் இருந்தால் பல கையொப்பங்களை வைத்துக்கொள்ளலாம். ஜிமெயிலில் இதற்கு வழி இருக்கிறது. கணினியில் Settings, See all settings, General என்று போனால் Signature என்ற பகுதி வரும். அங்கே Create new என்பதை அழுத்தி "ஆசிரியர்", "சங்கம்" என்று தனித்தனியாகச் செய்து வைக்கலாம். கடிதம் எழுதும்போது கீழே உள்ள பேனா அடையாளத்தைத் தொட்டு, வேண்டியதைத் தெரிவு செய்யலாம். பதில் அனுப்பும்போது வேறொரு கையொப்பம் வரும்படியும் அதே இடத்தில் வைக்கலாம். அதற்குப் பெயரும் இலக்கமும் போதும், ஏனெனில் முதல் கடிதத்திலேயே மற்ற விபரங்கள் போய்விட்டன. கைத்தொலைபேசிச் செயலியில் கையொப்பத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, சேர்க்கவே கூடாத இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது அடையாள அட்டை இலக்கம். எமது விண்ணப்பப் படிவங்களின் பழக்கத்தில் இதைப் பலர் கையொப்பத்திலும் போட்டு வைக்கிறார்கள். இப்போதைய 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்த இலக்கத்தை எழுதினால் பிறந்த திகதியையும் சேர்த்தே எழுதியதாக அர்த்தம். ஒரு மின்னஞ்சல் எத்தனை பேருக்கு முன்னனுப்பப்படும் என்று எமக்குத் தெரியாது. கேட்கப்பட்டால் கடிதத்தின் உள்ளே எழுதுவோம், கேட்காதவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? வீட்டு முகவரிக்கும் இதே நியாயம் பொருந்தும். பொருளை எங்கே இறக்க வேண்டும் என்பதும் கடிதத்தின் உள்ளே எழுத வேண்டிய விடயமே.

இரண்டாவது, கையொப்பத்தையே ஒரு படமாகச் செய்து ஒட்டுவது. கடைத்தெருவில் உள்ள டிசைனர் தம்பி அழகாகத்தான் செய்து தருவார். ஆனால் பல அலுவலகங்களின் மின்னஞ்சல் மென்பொருள் படங்களைத் தானாகத் திறப்பதில்லை, அங்கே ஒரு வெற்றுப் பெட்டி மாத்திரமே தெரியும். திறந்தாலும் படத்தில் உள்ள இலக்கத்தைத் தொட்டு அழைக்க முடியாது, பெயரைப் பிரதி செய்ய முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பு மென்பொருள் அதில் உள்ள எழுத்தை வாசிப்பதும் நிச்சயமில்லை. சில நேரம் சின்னங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி இணைப்பாகப் போய்ச் சேரும். நாம் அனுப்பிய உண்மையான ஆவணம் எது என்று பெறுபவர் தேட வேண்டி வரும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடிதம் எந்த மொழியிலோ கையொப்பமும் அந்த மொழியிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரின் எழுத்துக்கள் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும். முஹம்மது என்ற பெயரையே நாம் எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறோம்! கையொப்பத்தில் ஒன்று, பற்றுச்சீட்டில் ஒன்று, காசோலையில் இன்னொன்று என்றால் அலைச்சல் எமக்குத்தான்.

செய்த கையொப்பம் சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கே ஒன்றை அனுப்பி, கைத்தொலைபேசியில் திறந்து, உங்களை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். "இவருக்குப் பதில் சொல்ல வேண்டும், யாருக்கு, எந்தப் பொறுப்பில் உள்ளவருக்கு, எந்த இலக்கத்தில்?" என்று கேளுங்கள். திரையை மேலே தள்ளாமல் ஒரே மூச்சில் அவர் சொன்னால் கையொப்பம் சரி. விரல் ஓரிடத்தில் நின்று யோசித்தால், அந்த இடத்தில்தான் வெட்ட வேண்டியதோ சேர்க்க வேண்டியதோ இருக்கிறது.

எமது சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள் எல்லாம் இப்போது ஒரு பொது மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கின்றன. பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறுகிறது, கடவுச்சொல் கைமாறுகிறது, கையொப்பம் மாத்திரம் பழைய செயலாளரின் பெயரிலும் இலக்கத்திலும் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. பொறுப்பை விட்டவருக்கு அழைப்புகள் வருகின்றன, பொறுப்பில் உள்ளவருக்கு விடயமே தெரிவதில்லை. கணக்குப் புத்தகத்தையும் முத்திரையையும் ஒப்படைக்கும் பட்டியலில் இனிமேல் இந்த நான்கு வரியையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்வோம்.