கடனைக் கட்டியவனே கட்டை அவிழ்க்கவும் அலைய வேண்டுமா?

வண்டி வாங்கும்போது கடன் கொடுத்தவனின் பெயரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுவதற்கு நாம் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடுவதில்லை. ஷோரூமில் நீட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறோம், வண்டி வரும்போதே அவர்கள் பெயரும் ஏறி வந்துவிடுகிறது. அதே பெயரை, கடன் அடைந்த பிறகு, எடுப்பதற்கு மட்டும் நாம்தான் அலைய வேண்டும். இது அநியாயம் என்பது என் கட்சி. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். ஆர்.சி.யில் நிறையப் பேர் படிப்பது இரண்டே வரி, வண்டி நம்பரும் உரிமையாளர் பெயரும். அதற்குக் கீழே மூன்று சிறிய வரிகள் இருக்கின்றன. ஒன்று ஹைப்பாதிகேஷன், இன்னொன்று ஃபிட்னஸ் எதுவரை என்பது, மூன்றாவது ஓனர் சீரியல். வீட்டில் நல்லபடியாக எல்லாம் நடக்கும் வரை இந்த மூன்றும் வாய் திறக்காது. விற்கப் போகும்போதோ, வீட்டில் ஒரு துக்கம் நடந்த பிறகோ, மூன்றும் சேர்ந்து பேச ஆரம்பிக்கும்.

ஹைப்பாதிகேஷன் என்றால் வண்டி நம் கையில், பிடி அவர்கள் கையில். அந்தக் காலத்து ஹையர் பர்ச்சேஸில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டியே நிதி நிறுவனத்துக்குச் சொந்தம். இன்று அப்படி இல்லை, நாம்தான் உரிமையாளர். ஆனாலும் பழைய பழக்கத்தில் இரண்டையும் ஹெச்.பி. என்றே சொல்கிறோம். அந்த வரி இருக்கும்வரை, அவர்களுடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 51, அப்படித்தான் சொல்கிறது.

கடைசி டியூ கட்டியதும் நிறுவனம் ஒரு என்.ஓ.சி. கடிதமும் படிவம் 35 இரண்டு பிரதியும் கொடுக்கும். பெரும்பாலானோர் அதை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கடன் தீர்ந்தது என்ற நிம்மதி. ஆனால் தீர்ந்த விஷயம் அந்த நிறுவனத்துக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாது. படிவம் 35இல் உரிமையாளரும் நிறுவனமும் கையெழுத்திட்டு, அலுவலகத்தில் கட்டணத்தோடு கொடுத்து, புது ஆர்.சி. வந்தால்தான் அந்த வரி போகும். பல நிறுவனங்கள் என்.ஓ.சி.யிலேயே மூன்று மாதம்தான் செல்லும் என்று அச்சடித்திருக்கும். அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் 2009 ஜூன் 12ஆம் தேதி ஒரு கார் பதிவு செய்தார். நான்கு வருடக் கடன். ஒரு டியூ தவறவில்லை, 2013 ஜூலையில் என்.ஓ.சி. வந்தது, பீரோவுக்குள் போனது. 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தார். கார் ஒரு வருடம் கூரைக்கடியில் நின்றது. 2024 மார்ச்சில் ஒருவர் 1,10,000 ரூபாய்க்குக் கேட்டார். அந்தம்மா ஆர்.சி.யை எடுத்துக் கொண்டு என்னிடம் வந்தார். ஹெச்.பி. வரி இருக்கிறதே என்றேன்.

"லோனை எப்பவோ முடிச்சிட்டாரே அண்ணா, கடுதாசிகூட பீரோவுல இருக்கே" என்றார்.

கடுதாசி இருந்தது. அதற்கு வயது பதினொன்று. கடன் கொடுத்த நிறுவனம் இடையில் இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது. பழைய கிளை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சேர்ந்துகொண்ட நிறுவனத்துக்கு எழுதி, அவர்கள் பழைய கணக்கைத் தேடி, புதிய என்.ஓ.சி.யும் புதிய படிவம் 35உம் அனுப்ப மே மாதக் கடைசி ஆகிவிட்டது. அதிலும் ஒரு சிக்கல். அந்தப் படிவத்தில் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். உரிமையாளர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் அது யாருக்கு ஞாபகம் வரும்? ஆக, வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகள் இருவரின் சம்மதக் கடிதம், படிவம் 31, படிவம் 35 எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, ஆர்.சி. அந்தம்மா பெயருக்கு வந்தபோது ஜூன் கடைசி.

இங்கே இரண்டாவது வரி வாய் திறந்தது. எஃப்.சி. என்றால் லாரிக்கும் டாக்சிக்கும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அடிக்கடி காட்டுவது அந்த வண்டிகள்தான், சரி. ஆனால் சொந்த உபயோகக் காருக்கும் பைக்குக்கும் பதிவே 15 வருடத்துக்குத்தான். ஆர்.சி.யில் ஃபிட்னஸ் என்று போட்டிருக்கும் தேதி அதுதான். இந்தக் காருக்கு 2024 ஜூன் 11. முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்தே படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்கலாம். ஆனால் ஏப்ரலில் விண்ணப்பம் போட பதிவேட்டில் இருந்த பெயர் இறந்தவருடையது. பெயர் மாறி வருவதற்குள் தேதி தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம், பசுமை வரி, டயர் இரண்டு, முன்விளக்கு ஒன்று, பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, சேஸிஸ் நம்பர் ஒப்பிட்டு, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார். கேட்ட ஆள் அதற்குள் வேறு கார் வாங்கிவிட்டார்.

ஆகஸ்டில் வந்த இன்னொருவர் ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு, "ஓனர் சீரியல் ரெண்டுன்னு இருக்கே, நான் வாங்கினா மூணாவது ஓனர் ஆயிடுவேனே" என்று விலையைக் குறைத்தார். கடைசியில் 85,000க்குப் போனது. ஓட்டியது ஒரே குடும்பம், ஒரே கூரை. ஆனாலும் வாரிசு பெயருக்கு மாறினாலும் சீரியல் ஒன்று ஏறத்தான் செய்யும். இதற்கு நேர்மாறும் உண்டு. படிவம் 29, 30இல் வெறும் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தேதி போடாமல் நான்கு கை மாறிய வண்டியின் ஆர்.சி.யில் சீரியல் ஒன்று என்றே இருக்கும். 'சிங்கிள் ஓனர்' என்று விளம்பரம் செய்வார்கள், பொய்யும் அல்ல. அந்த எண் எத்தனை முறை பதிவு மாறியது என்பதைச் சொல்கிறதே தவிர, எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பதை அல்ல. அப்படி விற்றவருக்கும் ஆபத்து உண்டு. கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, சீரியலும் ஃபிட்னஸும் நம் பொறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வீட்டில் முதல் முடிச்சு ஹெச்.பி. வரிதான். மூன்று மாதம் அதற்கே போனது. அது 2013இலேயே அவிழ்ந்திருந்தால் மற்ற இரண்டும் ஏப்ரலிலேயே முடிந்திருக்கும்.

நகைக்கடன் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பணத்தைக் கட்டினால் அன்றைக்கே, அதே கவுண்டரில், எடை போட்டு நகையைக் கையில் கொடுக்கிறார்கள். "நகை உன்னுடையதுதான் என்று ஒரு கடிதம் தருகிறோம், இன்னொரு ஆபீசுக்குப் போய் வாங்கிக்கொள்" என்று சொன்னால் சும்மா விடுவோமா? வண்டிக்கு மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

என் பழைய சகாக்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். போலிப் படிவம் 35 கொடுத்து, கடன் பாக்கி இருக்கும்போதே வண்டியை விற்றவர்கள் உண்டு, அதனால்தான் இரண்டு கையெழுத்தும் இத்தனை சரிபார்ப்பும் என்பார்கள். போலி உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் போலி எங்கே நுழைகிறது? காகிதம் கடன்காரனின் கையில் போய், புரோக்கர் கையில் போய், அலுவலகத்துக்கு வருகிற வழியில்தான். நிறுவனமே தன் கணக்கிலிருந்து நேரே பதிவேட்டுக்குத் தெரிவித்தால் போலிக்கு இடமே இல்லை. சில வங்கிகள் இணையத்தில் அப்படிச் செய்யவும் தொடங்கிவிட்டன. சிலரால் முடிந்தது எல்லோராலும் முடியும்.

சட்டத்துக்கு இது புதிதும் அல்ல. ஹெச்.பி. உள்ள வண்டிக்கு நகல் ஆர்.சி. வேண்டி நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று கேட்டால், ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், அல்லது மறுப்புக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று அதே 51ஆம் பிரிவு சொல்கிறது. தொலைந்துபோன புத்தகத்துக்கு இவ்வளவு கண்டிப்புக் காட்டிய சட்டம், தீர்ந்துபோன கடனுக்கு ஏன் மௌனம்? ரிசர்வ் வங்கியும் 2023 செப்டம்பரில், தனிநபர் கடன் முழுதும் அடைந்தால் 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, எந்தப் பதிவேட்டில் பொறுப்பு ஏற்றப்பட்டிருந்தாலும் நீக்க வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காரின் கடனும் தனிநபர் கடன்தான். ஆர்.சி. பதிவேடும் பதிவேடுதான். ஒரு கடிதத்தை நம் கையில் திணித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நிறுவனங்கள் இனியும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கடைசி டியூ கட்டியவர்கள், என்.ஓ.சி. வாங்கும் அன்றே, ஹெச்.பி.யை நீங்களே நீக்கித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். அவர்கள் செய்யாவிட்டால் மூன்று மாதம் முடிவதற்குள் நாமே படிவம் 35ஐக் கொடுத்துவிட வேண்டியதுதான். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அவர்கள் பெயர் இருக்கும், அதையும் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வண்டி திருடு போனால் இழப்பீட்டுப் பணம் அவர்கள் பெயரில் போய் நிற்கும். பழைய கடன் வைத்திருந்தவர்கள் parivahan.gov.in தளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, அந்த வரியில் இன்னும் யாருடைய பெயராவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். உங்களால் கையெழுத்துப் போட முடிகிற காலத்திலேயே அதைப் பார்த்துவிடுவது நல்லது.