போத்தல் இல்லாத போட்டோவை நான் வாசிக்க மாட்டன்

போன கிழமை சிநேகிதி ஒருத்தி வட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பினாள். அவளின்ர அம்மாவின்ர சலத்தில தோய்த்த ஸ்ட்ரிப். "புரதம் போகுதா எண்டு பார்த்துச் சொல்லு." நான் ஆய்வுகூடத்தில வேலை செய்யிறதால இப்பிடி அடிக்கடி வரும். நான் சொன்னது: "தெரியாது, திரும்ப எடு."

அவளுக்குக் கோபம். ஆனால் படத்தைப் பாருங்கோ. புரதச் சதுரம் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. புரதம் இல்லாட்டி அது மஞ்சளாகவே நிற்கும். கூடக்கூடப் பச்சையாகி, கடைசியில நீலப்பச்சைக்குப் போகும். மஞ்சளுக்கும் முதல் இளம்பச்சைக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் சின்னது. அந்தச் சின்ன வித்தியாசத்தை விளக்கு வெளிச்சமே தின்றுவிடும்.

எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஸ்ட்ரிப்பின்ர வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பாருங்கோ. அவளின்ர படத்தில அது கிறீம் நிறமாக இருந்தது. மஞ்சள் பல்பின் கீழ எடுத்திருக்கிறாள். அந்த வெளிச்சத்தில இளம்பச்சையும் மஞ்சளாத் தெரியும். இருக்கிற புரதம் மறைஞ்சு போகும். நீலம் பாய்ந்த வெள்ளை விளக்கெண்டால் எதிர்ப்பக்கம்: சும்மா மஞ்சளும் பச்சை மாதிரித் தோன்றும்.

இதுக்கு இணையத்தில அட்டவணை தேடி ஒப்பிடுறது எனக்குச் சரியாப் படேல்லை. வேற கம்பனியின்ர சதுர ஒழுங்கே வேறயாக இருக்கலாம். அதே போத்தலின்ர நிறக்கட்டங்களை ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்தில வைச்சு, ஒரே படத்தில எடுக்க வேணும். அப்ப வெளிச்சம் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு மாற்றும். ஏறக்குறைய எண்டுதான் சொல்லுறன். அச்சு மையும் சதுரத்தின்ர சாயமும் எல்லா வெளிச்சத்திலயும் ஒண்டாப் பொருந்தாது. அதால பகலில, நேர் வெயில் படாத யன்னலடிதான் நல்லம்.

நேரமும் இருக்கு. வழமையான ஸ்ட்ரிப்பில குளுக்கோஸை 30 செக்கனில, புரதத்தை 60 செக்கனில, வெண்குருதிக்கலத்தை 2 நிமிடத்தில வாசிக்கிறது. உங்கட போத்தலில வேற நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கோ. 2 நிமிடம் தாண்டி வாற நிற மாற்றத்துக்குப் பெறுமதியில்லை. அவள் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டுத்தான் படம் எடுத்தவளாம்!

அடுத்த நாள் காலமை புது ஸ்ட்ரிப், புதுச் சலம். தோய்த்துச் சட்டென எடுத்து, விளிம்பை ரிஷூவில ஒற்றி, கிடையாகப் பிடிச்சு, போத்தலோட சேர்த்து 60ஆவது செக்கனில படம். இந்த முறை பிளாஸ்டிக் வெள்ளையாகவே இருந்தது. புரதச் சதுரம் மஞ்சளைத் தாண்டி, "+" கட்டத்துக்குக் கிட்டவும் வராமல், இடையில இருக்கிற "trace" கட்டத்தோட பொருந்திச்சு.

பிறகு அடர்த்திச் சதுரத்தைப் பார்த்தன்: 1.030. இரவு முழுக்கத் தண்ணி குடிக்காத, நல்லாச் செறிந்த சலம். அதில இந்தளவு தெரியிறது பெரிய விஷயமில்லாமலும் இருக்கலாம். அதே நிறம் 1.005 இல வந்திருந்தால் நான் கூடக் கவலைப்பட்டிருப்பன். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறதால, கிளினிக்கில அல்புமின்–கிரியற்றினின் விகிதம் பார்க்கச் சொல்லி அனுப்பினன்.