நீறு பூத்த நெருப்பு

இரவுச் சமையல் முடிந்ததும் பொச்சுமட்டைத் தணலைச் சாம்பலால் மூடி, மறுநாட் காலை அடுப்பு மூட்டுவதற்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. மேலே பார்ப்பவருக்கு அது வெறுஞ் சாம்பல். கையைக் கிட்டக் கொண்டுபோனவருக்கே உள்ளே கனலுவது தெரியும். அதை நீறு பூத்த நெருப்பு என்றனர் நம் முன்னோர். மைலோமா என்னும் என்புமச்சைப் புற்றுநோயிலும் இத்தகைய நிலை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்து வைத்தியர்களான ராபர்ட் கைலும் பிலிப் கிரைப்பும் 1980ஆம் ஆண்டில், ஆறு நோயாளரை ஆதாரமாகக் கொண்டு, கனன்றுகொண்டிருக்கும் மைலோமா என்று அதற்குப் பெயரிட்டனர். மைலோமாவுக்குரிய அடையாளங்கள் அவர்களிடம் இருந்தன. எனினும் மருந்தின்றியே ஐந்தாண்டுகளுக்கு மேல் அவர்கள் நலமாயிருந்தனர்.

விளங்கிக்கொள்வதற்காகக் காங்கேசன்துறையில் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 66. இளமையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்து, நெடுங்காலம் உறவினர் வீடுகளில் ஒதுங்கியிருந்து, காணி விடுவிக்கப்பட்டபின் திரும்பி வந்து வீடு கட்டியவர். கண்ணில் வெண்புரை, சத்திரசிகிச்சைக்கு முன் வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். 90க்கு மேல் இருந்தது. இரத்தத்திலுள்ள மொத்தப் புரதமும் கூடுதல். அவருக்கோ நோவு, களைப்பு ஒன்றுமில்லை. காலையில் துறைமுகப் பக்கம் நடந்துவிட்டு வருபவர். மேலும் பரிசோதித்தபோது, குருதியில் ஒரே வகைப் புரதம் ஒன்று தெசிலீற்றருக்கு 2.4 கிராம் அளவில் காணப்பட்டது. என்புமச்சையில் நூற்றுக்கு 16 கலங்கள் பிளாஸ்மாக் கலங்களாயிருந்தன. புற்றுநோய்ப் பிரிவில் வைத்தியர், "இது மைலோமாவின் ஒரு நிலைதான், ஐயா. ஆனால் இப்போது மருந்து வேண்டாம். மூன்று மாதங் கழித்து வாருங்கள்" என்றார்.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்ட கேள்வி எந்தக் குடும்பத்திலும் எழக்கூடியதே. "புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்து தராமல் அனுப்புகிறார்களா, அப்பா? காசு இல்லையென்று நினைத்துவிட்டார்களா?" இந்தக் கேள்விக்கு நேரான விடை உண்டு. அதைக் காணவே இக்கட்டுரை.

பிளாஸ்மாக் கலங்களின் தொழில் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை ஆக்குவது. வெவ்வேறு கிருமிக்கு வெவ்வேறு புரதம் வேண்டியிருப்பதால், நலமுள்ளவர் குருதியில் அவை பல வகையாகக் கலந்திருக்கும். ஏதோ ஒரு கலம் கட்டுமீறிப் பெருகி, தன்னைப் போன்ற கலங்களையே உண்டாக்கினால், அவை யாவும் ஒரே புரதத்தை ஆக்கும். ஆய்வுகூடத்தில் குருதிப் புரதங்களை மின்னோட்டத்தால் பிரித்துப் பார்க்கும்போது அது கோபுரம்போல் ஓரிடத்தில் எழுந்து நிற்கும். அதனை எம் புரதம் என்பர். அது தெசிலீற்றருக்கு 3 கிராமை எட்டினாலோ, என்புமச்சையில் அக்கலங்கள் நூற்றுக்கு 10 முதல் 60க்குட்பட்ட அளவில் இருந்தாலோ, உடலுக்கு ஊறு ஒன்றும் இல்லாதவரை அது நீறு பூத்த நிலை.

ஆகவே வேறுபாடு கலங்களின் தொகையில் மாத்திரம் இல்லை. அவை செய்த சேதத்தில் இருக்கிறது. வைத்தியர் நான்கு இடங்களில் அச்சேதத்தைத் தேடுவர். குருதியில் கல்சியம் தெசிலீற்றருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஏறியிருக்கிறதா? சிறுநீரகம் தளர்ந்து கிரியற்றினின் 2 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறதா? ஈமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? எலும்பில் புழு அரித்தாற்போல் துளை விழுந்திருக்கிறதா? இவற்றுள் ஒன்று மைலோமாவால் வந்ததென்று தெளிந்தாலே நோய் முனைப்புற்றது. சிகிச்சை உடனே வேண்டும்.

"மைலோமாவால் வந்ததென்று" என்ற சொற்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் இரும்புச் சத்துக் குறைந்து இரத்தம் வெளிறியவர் பலர். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவரும் பலர். நீறு பூத்த நிலையிலுள்ள ஒருவருக்கு ஈமோகுளோபின் 9.5 என்று வந்தால், மூலநோயில் இரத்தம் போகிறதா, இரும்பு குறைவா என்று முதலில் பார்க்கவேண்டும். அதைப் பாராமல் விட்டால் வேண்டாத மருந்து ஏறிவிடும். எல்லாவற்றையும் நீரிழிவின் தலையில் போட்டுவிட்டாலோ வேண்டிய மருந்து பிந்திவிடும்.

இன்னொரு திருத்தமும் உண்டு. சேதம் நேரும்வரை காத்திருப்பது சிலருக்குத் தீங்காகவே முடிகிறது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஆதலால் 2014இல் சர்வதேச மைலோமா ஆய்வாளர் குழு, மூன்று அறிகுறிகளைச் சேதத்துக்குச் சமமாகக் கொண்டது. முதலாவது, மச்சையில் அக்கலங்கள் நூற்றுக்கு 60 அல்லது மேலிருப்பது. இரண்டாவது, குருதியில் கட்டற்றுத் திரியும் இலகு சங்கிலிப் புரதங்களுள் நோயுற்ற வகை மற்ற வகையைப்போல் 100 மடங்கு அல்லது அதற்கு மேல் இருப்பது. மூன்றாவது, எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட புண்கள் தெரிவது. இவற்றுள் ஒன்றிருந்தால், நோயாளர் நடந்து திரிந்தாலும் சிகிச்சை தொடங்குவர். சாம்பலின் நடுவே செந்தணல் கண்ணுக்குத் தெரிந்த பின் காத்திருப்பதில் பொருளில்லை அன்றோ?

நம் காங்கேசன்துறைப் பெரியவருக்கு ஈமோகுளோபின் 12.8, கல்சியம் 9.4, கிரியற்றினின் 1.0. உடல் முழுவதையும் எடுத்த படத்தில் எலும்புத் துளை இல்லை, எம்.ஆர்.ஐ.யிலும் புண் இல்லை. இலகு சங்கிலிகளின் விகிதம் 12. எனவே அவர் நீறு பூத்த நிலையிலேயே இருக்கிறார். இனி இரண்டாவது கேள்வி: இந்தத் தணல் எவ்வளவு விரைவில் பற்றும்?

2018இல் மேயோ வைத்தியர்கள் இதற்கு எளிய கணக்கொன்றை வகுத்தனர். மூன்று அளவுகள் மட்டுமே: மச்சையிற் கலங்கள் நூற்றுக்கு 20க்கு மேலா, எம் புரதம் 2 கிராமுக்கு மேலா, இலகு சங்கிலி விகிதம் 20க்கு மேலா? ஒன்றும் மீறாவிட்டால் ஆபத்துக் குறைவு. ஒன்று மீறினால் நடுத்தரம். இரண்டோ மூன்றோ மீறினால் உயர் ஆபத்து. பல நாட்டு நோயாளரின் பதிவுகளைத் திரட்டி 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, இரண்டாண்டுகளுக்குள் முனைப்பு மைலோமாவாக மாறியவர் முதல் வகுப்பில் நூற்றுக்கு 6 பேர், இரண்டாவதில் 18 பேர், மூன்றாவதில் 44 பேர்.

பெரியவரின் எம் புரதம் 2.4, அது ஒன்றே எல்லையைத் தாண்டியது. மற்ற இரண்டும் தாண்டவில்லை. ஆகவே அவர் நடு வகுப்பு. அவரைப் போன்ற நூறு பேரை நிறுத்தினால், இரண்டாண்டு கழித்தும் சுமார் 82 பேர் இப்போதிருப்பதுபோலவே இருப்பர் என்பது இதன் பொருள். அவர் அந்த 82 பேரில் ஒருவரா, 18 பேரில் ஒருவரா என்று இந்தக் கணக்குச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது காலம் மாத்திரமே. ஆகவேதான் மறுபடி மறுபடி பார்க்கவேண்டியிருக்கிறது.

காலம் செல்லச் செல்ல ஆபத்துக் கூடும் என்றே நாம் எண்ணுவோம். உண்மை மறுதலை. 276 நோயாளரைத் தொடர்ந்து கவனித்துக் கைல் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 பேர் வீதம் மாறினர். அடுத்த ஐந்தாண்டுகளில் 3 பேர் வீதம். அதன்பின் ஒருவர் வீதமே. காரணம், ஒரே பெயரின் கீழ் இருவகை மனிதர் கலந்திருப்பதுதான். விரைவில் பற்றப்போகும் நோயுடையவர் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகின்றனர். மந்தமான நோயுடையவர் எஞ்சி நிற்கின்றனர். எல்லாருக்கும் முதல் நாளே மருந்து கொடுத்தால், ஒருபோதும் தேவைப்படாதவருக்கும் அது போய்ச் சேரும்.

அந்த மருந்துகளோ எளியவை அல்ல. கிருமித் தொற்று, நரம்பு மரப்பு, இரத்தம் உறைதல் முதலிய தொல்லைகள் அவற்றோடு வருவன. பழைய காலத்து மெல்பலான் மருந்தை முன்கூட்டியே கொடுத்தும், நோய் முனைந்தபின் கொடுத்தும் ஒப்பிட்ட ஆய்வுகளில், முன்கூட்டிக் கொடுத்ததால் ஆயுள் நீளவில்லை. காத்திருக்கும் வழக்கம் இங்ஙனம் உறுதிப்பட்டதேயன்றி, அசட்டையால் வந்ததன்று.

உயர் ஆபத்துடையோர் விடயத்தில் மட்டும் காற்று இப்போது திசைமாறுகிறது. 390 பேரைக் கொண்டு நடத்தி 2024இல் முடிவு வெளியான அக்குயிலா என்னும் ஆய்வில், தராற்றுமுமாப் என்ற ஊசிமருந்தை மூன்றாண்டுவரை பெற்றோருள் நூற்றுக்கு 63 பேர் ஐந்தாண்டு கழித்தும் நோய் முனைப்பின்றி உயிரோடிருந்தனர்; கண்காணிப்பு மட்டும் பெற்றோருள் 41 பேர். அங்கே ஆபத்தை அளந்த முறை மேற்சொன்ன கணக்கிலிருந்து சற்று வேறானது. எனவே மூன்றாம் வகுப்பினர் இதைப்பற்றித் தம் வைத்தியரிடம் விரிவாகக் கேட்டறிய வேண்டும். நம் பெரியவருக்கு அது இன்று பொருந்தாது.

காத்திருத்தல் என்றாற் சும்மா இருத்தல் அன்று. முதலிலே இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறை சோதித்து, நோய் அசையாமலிருந்தால் நான்கு முதல் ஆறு மாதத்துக்கொருமுறை சோதிப்பர். எப்போதும் ஒரே ஆய்வுகூடத்தில் செய்வது நன்று; இடம் மாறினால் அளவும் சற்றே மாறித் தோன்றும். ஓர் எண்ணைவிட எண்களின் போக்கே முக்கியம். எம் புரதம் 2.4, 2.5, 2.4 என்று நின்றால் அமைதி. 2.4, 2.9, 3.5 என்று ஏறி, ஈமோகுளோபினும் படிப்படியாக இறங்கினால், எல்லை எதையும் தாண்டாதபோதே வைத்தியர் விழித்துக்கொள்வர்.

இடையில் முதுகிலோ விலாவிலோ புதிய நோவு விடாமல் நின்றாலும், தீராத தாகம், மலச்சிக்கல், மயக்கமான மனநிலை தோன்றினாலும், நியூமோனியா திரும்பத் திரும்ப வந்தாலும், குறித்த நாள்வரை பொறுக்கக்கூடாது. கால்கள் மரத்துப் பலமிழந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். முதுகு நோவுக்குக் கடையில் டைக்குளோபினாக், ஐபுபுறூபன் போன்ற குளிகைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு.

பெரியவர் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, திகதி, எம் புரதம், ஈமோகுளோபின், கல்சியம், கிரியற்றினின் என்று ஐந்து நிரல் கீறினார். இரண்டாம் முறை பரிசோதனை முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினார். எம் புரதம் 2.4, ஈமோகுளோபின் 12.7. மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த முறை எப்போது, அப்பா?" என்று கேட்டான்.

"தை மாதம். அதற்கிடையில் கண்ணைச் செய்துவிடலாமென்று டொக்டர் சொல்லிவிட்டார்."