குஞ்சும் பில்லூவும்

தமிழ்நாட்டு இதழொன்றில் அண்மையில் வந்த மதிப்புரை எங்களைக் கோபப்படுத்தியது. ஈழத்துக் கதையொன்றில், செத்துப்போன மகனைக் ‘குஞ்சு, என்ர குஞ்சு’ என்று கூப்பிட்டுத் தாய் அழுகிறாள். அந்த இடத்தில் வாசகர் சிரித்துவிடுவார் என்றும், ‘செல்லம்’ என்று எழுதியிருந்தால் அவலம் காப்பாற்றப்பட்டிருக்கும் என்றும் மதிப்புரைக்காரர் எழுதுகிறார். தமிழகத்தில் அந்தச் சொல் ஆண்குழந்தையின் உறுப்புக்கும் பெயர் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அவர் அத்தோடு நிற்காமல் மராத்தியையும் பஞ்சாபியையும் சாட்சிக்கு அழைக்கிறார். அம்மொழிகளின் கொஞ்சு சொற்கள் இந்திக்காரர் காதில் பகிடியாக விழுவதால், பரந்த வாசகரை விரும்புகிறவர்கள் அவற்றைக் கைவிட்டார்களாம். அவர் அழைத்த சாட்சியையே விசாரிப்போம்.

மராத்தித் தாய் பிள்ளையை ‘பில்லூ’ என்பாள். பறவைக்கும் விலங்குக்கும் பிறந்த சிறிய உயிர் எதுவும் பில்லூதான். காதலர்கள் ஒருவரையொருவர் அழைப்பதும் அப்படியே. இந்தியில் ‘பில்லா’ நாய்க்குட்டி. தெருச் சண்டையில் ஒருவனின் பிறப்பையே இழிக்கும் வசவுக்குள் அந்தச் சொல் இருக்கிறது. ஆகவே தாய் கொஞ்சுகிறாள், கேட்பவன் வசவைக் கேட்கிறான். இன்னொரு சொல் ‘பாள்’, குழந்தை என்று பொருள். இந்தியின் பொதுப்பேச்சில் ளகரம் இல்லை. அதனால் அந்தக் காது அதை ‘பால்’ என்று வாங்குகிறது. இந்தியில் பால் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தலைமயிர். பூனாவில் ஒருத்தி மகனைக் கூப்பிட, டில்லியிலிருந்து வந்தவனுக்கு அவள் மயிரைக் கூப்பிடுவதாகப் படுகிறது. ளகரத்தை இழக்காத நமக்கு இந்தக் குழப்பம் வரவே வராது.

ஒலியை விட ஆழத்தில் இருக்கிறது இலக்கணம். மராத்தியில் மூன்று பால்கள் உண்டு. பில்லூவும் பாளும் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத மூன்றாம் பாலைச் சேர்ந்தவை. ‘என் பொன்’ என்று கொஞ்சும்போதும் ‘மாஜ சோன’ என்று அதே பாலில்தான் சொல்கிறார்கள். குழந்தையை இன்னும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்காமல் மடியில் வைத்திருக்கும் பேச்சு அது. இந்தி அந்த மூன்றாம் பாலை இழந்துவிட்டது. ஆகவே சொல் விளங்கினாலும் அதன் இளக்கம் விளங்குவதில்லை. நமக்கோ ஒரு விளக்கமும் தேவையில்லை. ‘பிள்ளை நித்திரை கொள்ளுது’, ‘குஞ்சு அழுகுது’ என்று அஃறிணை வினையில்தான் இன்றைக்கும் கதைக்கிறோம்.

பஞ்சாபியில் வேறு வகை. ‘காகா’ அங்கே சின்னப் பையன். இந்தியிலும் மராத்தியிலும் காகா என்றால் சித்தப்பா, பெரியப்பா போன்ற தந்தைவழி உறவு. பஞ்சாபிப் பாட்டி தொட்டிலைப் பார்த்துக் காகா என்றால் அயலான் திகைக்கத்தான் செய்வான். அதை விடக் கடினமானது ‘மர்ஜாணியே’. ‘செத்துப்போகிறவளே’ என்று பொருள்படும் இச்சொல்லைச் சாபமாக எடுப்பவன் தவறாக எடுக்கிறான். பேத்தி பால் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடும்போது பாட்டி எறியும் சொல் இது. அதே பாட்டி அதே கோபத்தில் ‘ஜியூண் ஜோகியா’ என்று பேரனையும் ஏசுவாள். அதன் பொருள் ‘வாழத் தக்கவனே’. கோபத்தின் நடுவிலும் வாழ்த்து வாயில் வருகிறது. சாவை முன்கூட்டியே சொல்லிச் சாவை ஏமாற்றும் வழக்கம் மர்ஜாணியேயில் இருப்பதாக நான் நினைக்கிறேன். நாவூறு படுமென்று அஞ்சி அழகான பிள்ளையைக் கறுப்பி என்றும், ‘அறுவான்’ என்றும் ஏசிக்கொண்டே சோறூட்டும் நம் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சாபமா கொஞ்சலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லோடு ஒட்டி வரும் சிறு விளியைக் கேட்க வேண்டும். பஞ்சாபியில் பெண்ணுக்கு ‘நீ’, ஆணுக்கு ‘வே’. மராத்தியில் ஆணுக்கு ‘ரே’, பெண்ணுக்கு ‘க’. நெருக்கமில்லாத ஆளிடம் அந்த அசை வாயில் வராது. மட்டக்களப்பில் ‘என்னகா’ என்பதில் உள்ள ‘கா’வும் அப்படித்தான். அகராதியில் சொல்லின் பொருள் இருக்கும், இந்த அசையின் வெப்பம் இருக்காது. மதிப்புரைக்காரர் ‘குஞ்சு’வைப் பார்த்தார், ‘என்ர’வைப் பார்க்கவில்லை.

இனி தொல்காப்பியத்துக்குப் போகிறேன். மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இவற்றுள் மனிதக் குழந்தைக்கு உரியவை குழவியும் மகவும் மட்டுமே, மற்றவை மக்களுக்கு ஆகா என்று அது கண்டிப்பாகச் சொல்கிறது. பிள்ளையோ பறப்பவற்றின் இளமைப் பெயர். கிளிப்பிள்ளை என்பதில் அந்தப் பழைய வழக்கு எஞ்சியிருக்கிறது. அப்படியானால் ‘பிள்ளை’ என்று தன் மகனைக் கூப்பிட்ட முதல் தமிழ்த்தாய் பறவைக் குஞ்சின் பெயரைத்தான் மனிதக் குஞ்சுக்கு வைத்தாள். அன்றும் ஒரு மதிப்புரைக்காரர் முகம் சுளித்திருப்பார். இன்று அந்தச் சொல் இல்லாமல் எந்தத் தமிழ் வீடும் இல்லை. பில்லூவையும் பில்லாவையும் நம் பிள்ளையையும் ஒரே வேரில் சேர்க்கும் மொழியியலாளரும் உண்டு. அதை ஏற்றால், மராத்தித் தாயும் எங்கள் கதையின் தாயும் ஒரே சொல்லின் இரு கரையில் நிற்கிறார்கள். ஈழம் செய்தது அந்தப் பழைய பயணத்தை இன்னொரு தடவை செய்ததுதான். பிள்ளைக்குப் பிறகு குஞ்சு.

சாட்சி அவருக்கு எதிராகவே பேசுகிறது. பஞ்சாபிச் சொற்களை இந்தி சிரித்து ஒதுக்கவில்லை. ‘சோணியே’, ‘மாஹீ’, வெண்ணெயைக் குறித்துக் காதலனை அழைக்கும் ‘மக்கணா’ எல்லாம் இந்தித் திரைப்பாடலுக்குள் வந்து குடியிருக்கின்றன. கேட்டுக் கேட்டுச் சிரிப்பு போய்விட்டது. மராத்தியிடமிருந்து அப்படி வாங்காததற்கு மராத்தியின் குறை காரணமல்ல. மராத்திக்காரருக்கு இந்திப் பில்லாவும் தெரியும், தன் பில்லூவும் தெரியும். இந்திக்காரருக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். கூச்சம் எப்போதும் சிறிய மொழிக்காரர் தலையில்தான் விழுகிறது. சினிமா பார்த்து வளர்ந்த எங்களுக்குச் சென்னைக் குஞ்சு தெரியும். எங்கள் குஞ்சைத் தெரிந்துகொள்ளும் கடமை அங்கே யாருக்கும் விதிக்கப்படவில்லை.

நாங்கள் வாழும் இந்தத் திருகோணமலைக்கு மராத்தியரும் பஞ்சாபியரும் வந்திருக்கிறார்கள். 1987இல் வந்த இந்தியப் படையில் அவர்களின் ரெஜிமென்டுகள் இருந்தன. அந்தப் படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று எங்கள் துறைமுகத்திலிருந்தே கப்பலேறியது. சோதனைச் சாவடியில் நாங்கள் கேட்டது அவர்களின் தாய்மொழியை அல்ல, படையின் இந்தியை. வீட்டில் யாரோ காகா என்றும் பில்லூ என்றும் கூப்பிட்டு வளர்த்த வாய்கள் எங்களிடம் கட்டளையை மட்டும் பேசின. பெரிய மொழி பொதுமொழியாகும்போது முதலில் உதிர்வது கொஞ்சல்தான்.

எங்களுக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. மட்டக்களப்பு ‘மனே’யை ‘மகனே’ என்று திருத்தும் யாழ்ப்பாணத்து ஒப்புநோக்காளர்களை அறிவோம். மூதூர்க் கதையின் ‘வாப்பா’வுக்குக் கீழே அடிக்குறிப்புப் போட்டு, ‘அப்பு’வுக்குப் போடாத பதிப்பாளர்களையும் அறிவோம். அடிக்குறிப்பு யாருக்குப் போடப்படுகிறது என்பதில் யார் அயலார் என்ற தீர்ப்பு இருக்கிறது. அடுத்த இதழில் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்த கதைகள் வருகின்றன. அவற்றின் தாய்மார் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே அச்சாகும். ஒப்புநோக்குபவருக்கு அதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியலும் இராது.