சிரிப்பு சம்மதம் அல்ல



"பெண் சிரித்தால் போயிற்று, புகையிலை விரித்தால் போயிற்று" என்றொரு பழமொழியை நம்மில் பலர் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். புகையிலையைப் பற்றி அது சொல்வது சரியாக இருக்கலாம். மனிதரைப் பற்றி அது சொல்வது பொய். இந்த வாரம் அந்தப் பொய்யை எதிர்த்தே எழுதுகிறேன், ஏனெனில் அது இன்றும் நம் வீடுகளில் இரண்டு வேடங்களில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

இளைஞனிடம் வந்து அது, "நீ சொல்லும் வேடிக்கைக்கெல்லாம் அவள் சிரிக்கிறாள், வகுப்பில் உன் பக்கத்து இருக்கையையே தேடி வருகிறாள், இன்னும் உனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?" என்று கேட்கிறது. அவளுடைய பெற்றோரிடம் போய், "உங்கள் மகள் ஒரு பையனோடு சிரித்துப் பேசுகிறாளாம், படித்தது போதும் என்று நிறுத்துங்கள்" என்கிறது. முதல் குரல் காதல் என்கிறது, இரண்டாம் குரல் ஒழுக்கம் என்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: சிரிப்பைச் சம்மதமாக எண்ணுவது. இரண்டிலும் விலை கொடுப்பவர் சிரித்தவர்தான்.

முதலில் சிரிப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் புரொவைன் தம் மாணவர்களோடு கடைவீதிகளிலும் பொது இடங்களிலும் நின்று, மக்கள் இயல்பாகப் பேசிச் சிரித்த 1200 தருணங்களைக் குறித்துக்கொண்டார். நகைச்சுவை என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடர்ந்து வந்த சிரிப்பு அவற்றில் 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே. மற்றவை, "சரி, பிறகு பார்க்கலாம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சின் பின்னே வந்தவை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார் என்பதையும் அவர் கண்டார். இதன் பொருள் என்ன? சிரிப்பு பெரும்பாலும் நம் நகைச்சுவைக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. "உன்னோடு பேசுவதில் எனக்குச் சிரமமில்லை" என்று ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் சமிக்ஞை அது. சில வேளைகளில் சங்கடத்தை மறைக்கும் திரையும் அதுவே.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். மேலே இருப்பவரின் வேடிக்கைக்குக் கீழே இருப்பவர்கள் சிரித்தே ஆகவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஒன்றைச் சொன்னால் இலை எடை போடும் இடம் முழுவதும் சிரிக்கிறது. பிரசங்க மேடையிலிருந்து நான் சொல்லும் பழைய வேடிக்கைக்குச் சபை சிரிப்பதையும் நான் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். ஆகவே உங்கள் கையில் ஒருவருடைய சம்பளமோ, விடுப்போ, மதிப்பெண்ணோ இருக்குமானால், அவருடைய சிரிப்பிலிருந்து நீங்கள் எதையும் அறிந்துகொள்ள முடியாது.

அடுத்து, பக்கத்து இருக்கை. இதில் ஓர் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். இத்தலாரிலிருந்து உதகைக்குக் கணினிப் பயிற்சி வகுப்புக்குப் போகும் ஓர் இளைஞன். வகுப்பு ஒன்பதரை மணிக்கு. அவன் முதல் பேருந்தில் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்துவிடுகிறான். அந்தப் பெண் வேறு ஊரிலிருந்து வருகிறாள். அவள் பேருந்து ஒன்பது இருபத்தைந்துக்குத்தான் வந்து சேரும். அவள் உள்ளே நுழையும்போது மிஞ்சியிருப்பவை மூன்று இடங்கள். ஒன்று ஆசிரியரின் மேசைக்கு நேர் எதிரே. ஒன்று கதவோரம், ஆடி மாதச் சாரலும் காற்றும் நேரே முகத்தில் அடிக்கும். மூன்றாவது இவன் பக்கத்தில். அவள் இவன் பக்கத்தில் அமர்கிறாள். இப்படி இருபது நாள். "இருபது நாளும் என்னையே தேர்ந்தெடுத்தாள்" என்று அவன் மனம் கணக்குப் போடுகிறது. அவள் தேர்ந்தெடுத்ததோ குளிர் அடிக்காத, ஆசிரியரின் பார்வை விழாத ஓர் இருக்கை.

இதை எப்படிப் பகுத்தறிவது? எல்லா இடமும் காலியாக இருக்கும் நாளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மழை பெய்து பாதிப் பேர் வராத நாளில் அவள் தன் தோழியின் அருகே போய் அமர்ந்தால், விடை கிடைத்துவிட்டது. அவள் மற்றவர்களோடும் அதே போலச் சிரிக்கிறாளா என்றும் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் கிடைக்கும் சிரிப்பு அவளுடைய சுபாவம். உனக்குத் தரப்பட்ட செய்தி அல்ல. இதற்கு மாறாக, இடம் தாராளமாக இருந்தும் அவள் உன் அருகே வருகிறாள், நீ போன வாரம் சொன்னதை நினைவில் வைத்துக் கேட்கிறாள், வகுப்பு முடிந்தும் பேச்சைத் தொடர்கிறாள் என்றால், அங்கே ஏதோ இருக்கலாம். ஆனால் அப்போதும் உன் கையில் இருப்பது கேள்வி கேட்பதற்கான காரணம் மட்டுமே, பதில் அல்ல.

பக்கத்தில் அமர்வது நட்பை வளர்க்கும் என்பது உண்மை. 1974இல் மேடி சீகல் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காவல் பயிற்சிப் பள்ளியை ஆராய்ந்தார். அங்கே பயிற்சியாளர்களுக்கு இருக்கையும் தங்கும் அறையும் பெயரின் அகரவரிசைப்படி ஒதுக்கப்பட்டிருந்தன. நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டபோது சொல்லப்பட்ட பெயர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அகரவரிசையில் அடுத்து நின்ற பெயர்கள்! எனவே இருக்கையைக் கண்டு காதல் என்று முடிவு செய்யுமுன், வெறும் அருகாமையே எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எண்ணுங்கள்.

நம் பிள்ளைகள் இதில் ஏன் இவ்வளவு தடுமாறுகிறார்கள்? நாம் வளர்த்த விதம் அப்படி. பள்ளியில் பெண்களுக்குத் தனி வரிசை. பேருந்தில் தனி இருக்கை. ஆலயத்திலும் பல சபைகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பதினெட்டு ஆண்டுகள் இப்படி வளர்ந்த ஒருவன் அருகில் முதன்முறையாக ஒரு பெண் வந்து அமரும்போது, அது அவனுக்கு வெறும் இருக்கையாகத் தெரிவதில்லை. வானத்திலிருந்து வந்த அறிவிப்பாகத் தெரிகிறது. பழகிப் பார்க்காதவனுக்குச் சாதாரணமும் விசேஷமும் பிரித்தறியத் தெரியாது. அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வருவதோ, பெண் மறுக்க மறுக்கப் பின்தொடர்வதைக் காதலின் மகிமையாகக் காட்டிய நம் திரைப்படங்களும், "விடாதே, மாப்பிள்ளை" என்று தூண்டிவிடும் நண்பர்களும்தான்.

அந்த நண்பர்களும் நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. 1982இல் அன்டோனியா ஆபி என்பவர், அறிமுகமில்லாத ஓர் ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் பேசவைத்து, இன்னொரு ஆணையும் பெண்ணையும் மறைவிலிருந்து கவனிக்கச் செய்தார். பேசிய ஆண் மட்டுமல்ல, சும்மா கவனித்த ஆணும், அந்தப் பெண்ணின் தோழமையில் பெண்கள் காணாத ஈர்ப்பைக் கண்டான். பக்கத்தில் நின்று பார்த்த நண்பன் நடுநிலையாளன் அல்லன் என்பதற்கு இது போதும்.

"அப்படியானால் சிரிப்புக்குப் பொருளே இல்லையா, ஐயரே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. விருப்பமுள்ள இருவர் சேர்ந்து அதிகம் சிரிப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் அதைப் படிப்பதில் தேறுவதில்லை. 2014இல் ஜெஃப்ரி ஹாலும் அவருடைய குழுவினரும் அறிமுகமில்லாத 52 இணைகளைப் பேசவைத்து ஆராய்ந்தார்கள். பெண் உண்மையாகவே ஈர்ப்பைக் காட்டியபோது அதை அறிந்துகொண்ட ஆண்கள் 36 விழுக்காடு. ஆண் காட்டியபோது அறிந்துகொண்ட பெண்கள் 18 விழுக்காடு மட்டுமே. இல்லாததைக் காண்கிறோம், இருப்பதைக் காணாமல் விடுகிறோம். இப்படி இரு பக்கமும் தவறும் ஒரு தராசில் ஒருவருடைய வாழ்க்கையை நிறுக்கலாமா?

ஆகவே கேளுங்கள். வாயைத் திறந்து, வார்த்தையால் கேளுங்கள். கேட்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் முறை ஒன்றே. நண்பரைத் தூது அனுப்பாதீர்கள். கூட்டத்தின் நடுவே கேட்காதீர்கள். இடையில் இறங்கிப் போக முடியாத பேருந்தில் கேட்காதீர்கள். உங்கள் அதிகாரத்தின் கீழ் இருப்பவரிடம் கேட்கவே கேட்காதீர்கள். "உங்களோடு பழகுவது எனக்குப் பிடித்திருக்கிறது. நட்புக்கு மேலாகவும் நினைக்கிறேன். உங்களுக்கு அப்படி இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வருத்தம் காட்டமாட்டேன்" என்ற அளவு போதும். "இல்லை" என்று சொல்வது அவருக்கு எளிதாக இருக்க வேண்டும்; எளிதாகச் சொல்லக்கூடிய "இல்லை" இருந்தால்தான் "ஆம்" என்பதற்கு மதிப்பு. அவர் பேச்சை மாற்றினாலும், மௌனமானாலும், மறுநாள் வேறிடத்தில் அமர்ந்தாலும் அதுவும் "இல்லை"யே. ஒருமுறை கேட்பது நேர்மை. மறுத்தபின் மறுபடியும் மறுபடியும் கேட்பது துன்புறுத்தல். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் தொடர்ந்து பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் 2013 முதலே நம் நாட்டில் குற்றம். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி, முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். மகள் சிரித்தாள் என்று யாரோ சொன்னதும் கல்லூரியை நிறுத்துகிறவர், அந்த இளைஞன் செய்த அதே பிழையைச் செய்கிறார். அவனாவது அவளை விரும்பிச் செய்தான். அவளைக் கேளுங்கள். கேட்டபின் அவள் சொல்வதை நம்புங்கள். சிரிப்பை அளந்து செலவழிக்கும்படி எந்தப் பிள்ளைக்கும் கற்பிக்காதீர்கள். மற்றவர் தவறாகப் படிப்பதற்குச் சிரித்தவர் பொறுப்பாளி அல்லர்.

கடைசியாக, நம் ஆலயத்தின் வழக்கத்தையே பாருங்கள். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். திருமண நாளில் மணமகனிடமும் மணமகளிடமும் தனித்தனியே சம்மதம் கேட்கிறோம். இருவரும் சபை கேட்கப் பதில் சொல்ல வேண்டும். மணமகள் எவ்வளவு மலர்ந்து சிரித்து நின்றாலும், அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் எந்தப் போதகரும் அடுத்த வரிக்குப் போவதில்லை. வீடு, உறவு, பந்தி எல்லாம் ஆயத்தமாக இருக்கும் அந்த நாளிலேயே சிரிப்பு சம்மதமாகாது என்றால், வகுப்பறையின் மூன்றாம் வரிசையில் மட்டும் அது எப்படிச் சம்மதமாகும்?