விலகிப்போகவும் எங்களிடமே விலாசம் கேட்கிறார்கள்

மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழியுது என்று சொன்னால் உடனே இரண்டு அறிவுரை வரும். ஒன்று, "Unsubscribe குடுத்துவிடு, நின்றிடும்." மற்றது, "ஐயோ, அதைத் தொட்டிடாத, ஹக் பண்ணிடுவாங்கள்." இரண்டும் பிழையான அறிவுரை என்றுதான் நாங்கள் சொல்லுவோம். முதலாவது எல்லோரையும் நல்லவர் ஆக்குது, இரண்டாவது எல்லோரையும் கள்ளர் ஆக்குது. எந்த பட்டனை அழுத்துவது என்று யோசிக்க முதல், இந்த அஞ்சலை அனுப்பினது ஆர், எங்கட முகவரி அவருக்கு எப்படிக் கிடைச்சது என்று கேட்கவேணும்.

எங்கட வயதுக்காரரின் முகவரி வெளியில போகிற வழிகளில் ஒன்றைப் பார்ப்பம். வெளிநாட்டுப் படிப்புக்கான கண்காட்சி நடக்குது. வாசலில் ஒரு படிவம். பெயர், போன் இலக்கம், மின்னஞ்சல் எழுதினால்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் படிவம் ஒரு எக்செல் தாளாகி, கை மாறி, நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒருவரிடம் போய்ச் சேரலாம். இப்படிப் பட்டியல் வாங்கினவருக்கு ஒரு சிக்கல் இருக்கு. இல்லாத முகவரிக்கு அனுப்பினால் அஞ்சல் திரும்பி வந்துவிடும், அதை அவர் வெட்டிவிடலாம். திரும்பி வராத மிச்ச முகவரிகளில் எதை உண்மையிலேயே ஒரு மனிசர் திறந்து பார்க்கிறார், எது வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்குது என்று அவருக்குத் தெரியாது.

அதை அவருக்குச் சொல்லிக் குடுக்கிறதுதான் அஞ்சலின் அடியில் கிடக்கிற அந்தச் சின்ன இணைப்பு. ஒரு உதாரணம்: "புலமைப்பரிசிலுக்குத் தெரிவாகியுள்ளீர்கள்" என்று ஒரு அஞ்சல் வருது. நாங்கள் எதற்கும் விண்ணப்பிக்கவே இல்லை. கீழே Unsubscribe என்று இருக்கு. கணினியில் அதன் மேல் மவுஸை வைச்சால், போனில் விரலை அழுத்திப் பிடிச்சால், திறக்காமலே முழு விலாசமும் தெரியும்:

```
https://news.example.com/u?id=8f3a21c9
```

கடைசியில இருக்கிற அந்த எழுத்தும் இலக்கமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒவ்வொரு முகவரிக்கும் வேறு வேறு. அழுத்தின உடனே 8f3a21c9 என்ற ஆள் உயிரோடு இருக்கிறார், இத்தனை மணிக்கு அஞ்சலை வாசிச்சார், இன்ன வகை போன் வைச்சிருக்கிறார் என்று அங்கே பதிவாகும். பெரும்பாலும் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். "விலக்கிவிட்டோம்" என்று பக்கம் காட்டும். உண்மையில் நடந்தது, எங்கட முகவரி சந்தேகப் பட்டியலில் இருந்து உறுதியான பட்டியலுக்கு ஏறினது. அதுக்குத்தான் விலை கூட. "என்னை விடுங்கோ" என்று பதில் எழுதினாலும் இதே கதைதான்.

இன்னும் மோசமான பக்கங்களும் உண்டு. விலகுவதற்குக் கடவுச்சொல், அடையாள அட்டை இலக்கம், போனுக்கு வருகிற குறியீடு ஏதாவது கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கோ. விலகிப்போக இது ஒன்றும் தேவையில்லை.

அஞ்சலுக்குள் இருக்கிற படங்களும் இதே வேலையைச் செய்யும். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் திறபட்டாலே, அஞ்சல் வாசிக்கப்பட்டது என்று அனுப்பினவருக்குத் தெரியலாம். ஜீமெயில் அமைப்புகளில் "Ask before displaying external images" என்பதைத் தெரிவு செய்துவிட்டால், நாங்கள் சொல்லாமல் படம் திறக்காது.

அப்ப எதிலிருந்துமே விலக ஏலாதா? ஏலும். நாங்களே விரும்பிச் சேர்ந்த இடத்தில் இருந்து தாராளமாக விலகலாம். பொருள் வாங்கின கடை, ஒன்லைன் வகுப்பு, செய்திமடல் எல்லாம் இந்த வகை. அதற்கும் அடியில இருக்கிற இணைப்பைத் தேட வேண்டாம். ஜீமெயிலில் அனுப்பினவர் பெயருக்குப் பக்கத்தில் மேலே ஒரு Unsubscribe வரும். அது அஞ்சலின் உடம்பில் இருந்து வாறதில்லை, தலைப்பகுதியில் ஒளிஞ்சிருக்கிற இந்த வரிகளில் இருந்து வருது:

```
List-Unsubscribe: <https://news.example.com/u/8f3a21c9>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

இரண்டாவது வரி இருந்தால், நாங்கள் அழுத்தும்போது ஜீமெயிலே எங்களுக்காக அந்தத் தகவலை அனுப்பிவிடும். நாங்கள் எந்தப் பக்கத்துக்கும் போகத் தேவையில்லை. ஆனால் இதிலும் ஒரு எல்லை இருக்கு. இன்ன முகவரி விலகுது என்ற செய்தி அனுப்பினவருக்குப் போய்த்தான் ஆகும். ஆகவே மேல் பட்டனும் தெரியாத ஆளுக்கு உரியதல்ல. "இணையத்தளத்துக்குப் போ" என்று அது கேட்டால், கீழ் இணைப்புக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

தெரிஞ்ச கடையின் பெயரில் வந்தது உண்மையில் அந்தக் கடைதானா என்று பார்க்க, "to me" என்பதன் பக்கத்தில் இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தட்டுங்கோ. கணினியில் signed-by என்று ஒரு வரி வரும். அதில் கடையின் சொந்தத் தள முகவரியோ, அது வழமையாகப் பாவிக்கிற அனுப்பும் சேவையோ இருக்கவேணும். சம்பந்தமில்லாத ஏதோ பெயர் நின்றால் விலக வேண்டாம். அதேநேரம் signed-by இருக்கு என்பதற்காக ஆள் நல்லவர் என்றும் இல்லை. கள்ளனும் சொந்தமாகத் தளம் வாங்கி ஒப்பம் வைக்கலாம்.

தெரியாத ஆளுக்கு ஒரே பதில் Report spam. இதைச் சும்மா அழிக்கிறதோடு ஒப்பிட வேண்டாம். பெருந்தொகையாக அனுப்புபவர்களின் ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகிள். ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடும். அதனாலேயே சோம்பலில் கம்பஸ் சங்கத்தின் செய்திமடலை ஸ்பாம் ஆக்கிவிடாதீங்கோ. அது மற்றப் பொடியளுக்கும் போய்ச் சேராமல் போகலாம். நாங்கள் சேர்ந்ததில் இருந்து விலகுவம், சேராததை முறையிடுவம்.

இவ்வளவையும் வாசிக்கிறவர்தான் கவனிக்கவேணுமா என்பதுதான் எங்கட கோபம். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், விலகக் கேட்டவரை 10 வேலைநாளுக்குள் விடவேணும், மின்னஞ்சல் முகவரிக்கு மேல் வேறு தகவல் கேட்கக்கூடாது என்கிறது. பெருந்தொகையாக விளம்பர அஞ்சல் அனுப்புவோர் ஒரே அழுத்தத்தில் விலக வழி வைக்கவேணும், இரண்டு நாளுக்குள் விடவேணும் என்று 2024இல் கூகிளும் யாஹூவும் கட்டாயமாக்கின. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. எங்கட சம்மதத்தைக் கேட்டுத்தான் இப்படியான செய்திகளை அனுப்பவேணும் என்பது அதன் நிலைப்பாடு. ஆனால் வாசலில் படிவம் நீட்டுகிறவர் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கதைக்கப்போறதில்லை.

ஆகவே அடுத்த படிவத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு எழுதுங்கோ: peyar+fair@gmail.com. அஞ்சல் எங்கட பெட்டிக்கே வரும். பிறகு சம்பந்தமில்லாத ஆளிடமிருந்து அந்த முகவரிக்கு ஏதும் வந்தால், பட்டியலைக் குடுத்தது ஆர் என்று தெரிந்துவிடும். கூட்டல் குறியை வெட்டிவிட்டு அனுப்பவும் ஏலும், சில படிவங்கள் அதை ஏற்காது. ஆனாலும் பட்டியல் விற்கிற எல்லாருக்கும் அந்தளவு பொறுமை இராது.

இதே கேள்வி எங்களுக்கும்தான். நிகழ்வுகளுக்குக் கூகிள் படிவத்தில் முகவரி சேர்க்கிற மாணவர் அமைப்புகள், நிகழ்வு முடிஞ்சதும் அந்தத் தாளை என்ன செய்கின்றன? அனுசரணையாளர் கேட்டால் குடுக்கிறதா? குடுக்கக்கூடாது. அடுத்தவர் முகவரி எங்கட சொத்தில்லை.